மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

"மயக்கமாக வருகிறது, டாக்டர்" என்றார் அந்த அம்மாள். வயது 58. சத்துணவுக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமைத்து ஓய்வு பெற்றவர். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், சர்க்கரை இல்லை. எத்தனை நாளாக என்று கேட்டேன். "பத்து நாளாக." எப்போதெல்லாம்? "எப்போதும்தான். நாள் முழுக்க ஒரே மயக்கம்." ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள். தலைசுற்றலுக்கு நாங்கள் வழக்கமாக எழுதும் சின்னாரிசின் மாத்திரையை எழுதிக் கொடுத்தேன். அவர் அதையே திரும்பத் திரும்ப வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது மயக்கம் அப்படியே இருந்தது. கூடவே புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. நடை மந்தமாகியிருந்தது, வலது கை விரல்கள் மடியில் வைத்தபடியே லேசாக நடுங்கின. சின்னாரிசினை வயதானவர்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தால் பார்க்கின்சன் நோய் போலவே ஒரு விறைப்பும் நடுக்கமும் வரக்கூடும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மெல்லச் சரியாகும். இவருக்கும் சரியானது. ஆனால் அதைக் கொண்டுவந்தவன் நான். முதல் நாள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

தமிழில் மயக்கம் என்ற சொல் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். நினைவு தப்பி விழுந்தவன் மயக்கம் போட்டு விழுந்தான். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் செருகுவது உண்ட மயக்கம். கர்ப்பிணிக்குக் காலையில் வருவதும் மயக்கம், வெயிலில் வரிசையில் நின்றவருக்கு வருவதும் மயக்கம், பஸ்ஸில் மலை ஏறும்போது வருவதும் மயக்கம். இவற்றில் ஒன்றில் நினைவு போகிறது, ஒன்றில் தூக்கம் வருகிறது, ஒன்றில் வயிறு புரட்டுகிறது, ஒன்றில் உலகம் சுற்றுகிறது. கவிதைக்கு இந்தச் சொல்லின் மங்கல் மிக நல்லது. மருத்துவர் அறையில் அதே மங்கல்தான் தொல்லை.

இது தமிழின் குறை என்று நினைக்க வேண்டாம். ஆங்கிலம் பேசுகிறவர்களும் தங்களுடைய ஒற்றைச் சொல்லை இதே போலத்தான் பல உணர்வுகளுக்கும் வைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்துப் பார்க்க 1972 இல் டிராக்மன், ஹார்ட் என்ற இரு மருத்துவர்கள் ஒரு வழி சொன்னார்கள். நோயாளி சொல்வதை நான்கு பெட்டிகளில் போடுங்கள் என்றார்கள். சுற்றுவது, கண் இருட்டி விழப்போவது போல் இருப்பது, நிற்கும்போதும் நடக்கும்போதும் தள்ளாடுவது, இவை எதிலும் சேராத ஒரு வெறுமையான லேசான உணர்வு. சுற்றினால் காது, கண் இருட்டினால் இதயமும் ரத்த ஓட்டமும், தள்ளாடினால் நரம்பு, மற்றது மனம். எங்கள் தலைமுறை மருத்துவர்கள் இதைத்தான் படித்துவிட்டு வந்தோம். தமிழுக்கும் இது பொருந்துவது போலவே தோன்றும். தலைசுற்றல், கண் இருட்டல், தள்ளாட்டம், கிறுகிறுப்பு என்று நான்கு நல்ல சொற்கள் நம்மிடமும் இருக்கின்றன.

நடைமுறையில் இந்தப் பெட்டிகள் ஒழுகும். அமெரிக்காவில் டேவிட் நியூமன்-டோக்கர் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2007 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பச்சையாகக் காட்டியது. அவசரப் பிரிவுக்கு வந்த நோயாளிகளிடம் உங்களுக்கு இருப்பது இவற்றில் எது என்று கேட்டார்கள். சில நிமிடங்கள் கழித்து அதே கேள்வியை வரிசை மாற்றிக் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் முதலில் சொன்னதை மாற்றி வேறொன்றைச் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை. உணர்வே அப்படித்தான், பெயர் வைத்தால் நழுவும். ஆனால் எவ்வளவு நேரம் இருக்கிறது, என்ன செய்தால் வருகிறது என்று கேட்டபோது அவர்கள் சொன்னது அவ்வளவாக மாறவில்லை.

அதனால் இன்று மருத்துவர் கேட்க வேண்டியதும் நீங்கள் சொல்ல வேண்டியதும் சொல்லைவிட நேரமும் சந்தர்ப்பமும்தான். சரியான கலைச்சொல்லைத் தேடிக்கொண்டு யாரும் வர வேண்டாம். "வெர்டிகோ இருக்கிறது" என்று உள்ளே வருகிறவரைவிட, "கொடியில் துணி காயப்போட அண்ணாந்தால் வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது" என்று சொல்கிறவர் எனக்குப் பத்து மடங்கு உதவி செய்கிறார்.

அந்த அம்மாளிடம் வருவோம். மூன்றாம் மாதம் அவரோடு மருமகளும் வந்திருந்தார். நான் பழைய கேள்விகளையே கேட்டேன், அவரும் பழைய பதில்களையே சொன்னார். எல்லாம் முடிந்து எழும்போது மருமகள் சொன்னார்: "அத்தை இப்போதெல்லாம் வலப்பக்கம் திரும்பிப் படுப்பதே இல்லை." அம்மாள் அதை ஒரு நோய்க்குறியாகவே நினைக்கவில்லை. இடப்பக்கம் படுத்தால் நிம்மதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுபடி உட்காரச் சொன்னேன். வலப்பக்கம் திரும்பினால் என்ன ஆகிறது? "கட்டிலோடு சேர்த்து யாரோ தூக்கிச் சுழற்றுவது போல இருக்கும்." எவ்வளவு நேரம்? "ரொம்ப நேரம்." ரொம்ப நேரம் என்றால், காபி ஆற்றிக் குடிக்கிற நேரமா, முப்பது எண்ணுகிற நேரமா? யோசித்தார். "முப்பது கூட எண்ண முடியாது. கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று ஐந்தாறு தடவை சொல்வேன், நின்றுவிடும்." வேறு எப்போது? பரணிலிருந்து இட்லிப் பானையை எடுக்க அண்ணாந்தபோது ஒருமுறை, வாசலில் குனிந்து கோலம் போட்டு நிமிர்ந்தபோது ஒருமுறை. அப்படியானால் நாள் முழுக்க மயக்கம் என்றீர்களே? "சுற்றல் நின்ற பிறகும் வயிறு ஒரு மாதிரியாகவே இருக்கும், டாக்டர். மறுபடி வந்துவிடுமோ என்று தலையை அசைக்காமலே இருப்பேன்."

இங்கேதான் முடிச்சு இருந்தது. சுற்றல் முப்பது விநாடிக்கும் குறைவு. அதன் பின்விளைவான குமட்டலும் பயமும் நாள் முழுக்க. இரண்டையும் ஒரே மயக்கத்துக்குள் போட்டுச் சொன்னதால் முப்பது விநாடி நோய் எனக்கு முழு நாள் நோயாகத் தெரிந்தது. தலைசுற்றலோடு வருகிற பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். சுற்றல் எவ்வளவு நேரம், அதன் பிறகு உடம்பு சரியில்லாமல் இருந்தது எவ்வளவு நேரம் என்று இரண்டாகப் பிரித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

முப்பது விநாடி ஏன் அவ்வளவு பெரிய தடயம்? உள்காதில் ஒரு சிறு பையில், கூழ் போன்ற படலத்தின் மேல், கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய துகள்கள் ஒட்டியிருக்கின்றன. தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவற்றின் வேலை. வயது ஏற ஏற, சில சமயம் தலையில் அடிபட்ட பிறகும், அவற்றில் சில பெயர்ந்து பக்கத்திலிருக்கும் அரைவட்டக் குழாய் ஒன்றுக்குள் விழுந்துவிடும். அந்தக் குழாயில் திரவம் இருக்கிறது. தலை திரும்புவதை அந்தத் திரவத்தின் அசைவால்தான் மூளை அறிகிறது. நாம் படுக்கையில் புரண்டதும் துகள்கள் குழாயின் தாழ்ந்த பக்கத்துக்கு உருளும். உருளும்போது திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகும். தலை நின்றுவிட்டது, ஆனால் காது இன்னும் சுற்றுகிறது என்கிறது. துகள்கள் அடியில் படிந்ததும் திரவம் நிற்கும், சுற்றலும் நிற்கும். தேநீர்க் குவளையில் சர்க்கரை படிகிற நேரம்தான் இந்த நோயின் ஒரு தடவைக்கான ஆயுள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டாது. மணிக்கணக்கில் ஓயாமல் சுற்றினால் அது இந்த நோயாக இருக்க முடியாது.

கட்டிலில் கால் நீட்டி உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றே கீழே தொங்கும்படி பிடித்தேன். இரண்டு மூன்று விநாடி ஒன்றும் இல்லை. பிறகு "ஐயோ" என்று என் முழங்கையைப் பிடித்தார். கண்கள் வெட்டி வெட்டிச் சுழன்றன. ஏறக்குறைய இருபது விநாடியில் ஓய்ந்தன. 1952 இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் விவரித்த சோதனை இது. ஒரு கட்டிலும் இரண்டு கையும் போதும். இடப்பக்கம் அதையே செய்தபோது கண்கள் அசையவில்லை.

வலப்பக்கக் குழாய் என்று தெரிந்துவிட்டது. அடுத்து, துகள்களைக் குழாயின் வளைவு வழியாகவே உருட்டி வெளியே கொண்டுவர வேண்டும். தலையை வலப்பக்கம் திருப்பித் தொங்கவைத்த அதே நிலையில் ஒரு நிமிடம், தலையை இடப்பக்கம் 90 பாகை திருப்பி ஒரு நிமிடம், உடம்போடு சேர்த்து இன்னும் 90 பாகை புரட்டி மூக்கு தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம், பிறகு மெல்ல எழுந்து உட்கார வேண்டும். ஜான் எப்லி என்ற அமெரிக்கக் காது மருத்துவர் கண்டுபிடித்த இந்த முறையை ஆரம்பத்தில் அவருடைய சகாக்களே கேலி செய்தார்கள். இன்று பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே குணம் தெரிகிறது. மாத்திரை அந்தத் துகள்களை ஓரங்குலம் கூட நகர்த்தாது. அந்த அம்மாளுக்கு இரண்டாவது முறையில் நின்றது. இதை யூடியூபில் பார்த்து வீட்டில் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் செய்தால் பயன் இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் தாங்களாக முயலவே கூடாது.

இந்த நோயைப் பற்றித் தெரிந்துகொண்டவர்கள் செய்கிற ஒரு தவறும் உண்டு. "தலையை அசைத்தால் வருகிறது" என்று சொன்னதும் காதுத் துகள்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். காரணம் எதுவானாலும், சுற்றுகிற தலையை அசைத்தால் சுற்றல் கூடத்தான் செய்யும். ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: அசையாமல் படுத்துக் கிடந்தால் சுற்றல் அறவே இல்லையா, அல்லது குறைவாகவாவது இருந்துகொண்டே இருக்கிறதா? அறவே இல்லை, அசைத்தால் புதிதாகப் பிறக்கிறது என்றால் அது ஒரு வகை. இருந்துகொண்டே இருக்கிறது, அசைத்தால் கூடுகிறது என்றால் முற்றிலும் வேறு வகை.

அந்த இரண்டாவது வகையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. திடீரென்று தொடங்கி மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓயாமல் சுற்றினால் உள்காது நரம்பின் அழற்சியாக இருக்கலாம். சிறுமூளையில் ரத்தக் குழாய் அடைத்த பக்கவாதமாகவும் இருக்கலாம். பக்கவாதம் என்றால் கை கால் இழுத்துக்கொள்ளும், வாய் கோணும் என்றுதான் நமக்குத் தெரியும். சிறுமூளையில் வருகிற பக்கவாதம் அதெல்லாம் இல்லாமல் வெறும் சுற்றலும் வாந்தியுமாக வரலாம். முதல் மணிநேரங்களில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் அதைக் காட்டாமலும் போகலாம். எனவே இங்கே நோயாளியும் வீட்டாரும் சொல்வதற்கு ஸ்கேனைவிட மதிப்பு அதிகம். பிடிமானம் இல்லாமல் உட்காரவோ நிற்கவோ முடிகிறதா? காதுக் கோளாறு என்றால் தள்ளாடியாவது பெரும்பாலும் நின்றுவிடுவார்கள். பொருள் இரண்டாகத் தெரிகிறதா, பேச்சு குழறுகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா, முகத்தில் ஒரு பக்கம் மரத்திருக்கிறதா, இதுவரை இல்லாத கடுமையான கழுத்துவலியோ தலைவலியோ கூட வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் எங்களைப் போன்ற சிறு கிளினிக் வாசலில் காத்திருக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எப்போது தொடங்கியது என்பதைக் கடிகார நேரத்தோடு சொல்ல வேண்டும். தூங்கி எழும்போதே இருந்ததென்றால், கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்று சொல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது.

இரண்டுக்கும் நடுவே அரைமணி, ஒருமணி என்று வந்து போகிற சுற்றல்களும் உண்டு. அவற்றில் ஒரு காது அடைத்துக்கொண்டதா, இரைச்சல் கேட்டதா, தலைவலியோ வெளிச்சக் கூச்சமோ கூட இருந்ததா என்பது வழிகாட்டும்.

நோயாளிகள் பலர் குறியைச் சொல்வதற்குப் பதிலாகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறார்கள். "பித்தம் தலைக்கு ஏறிவிட்டது", "கேஸ் அடைக்கிறது", "பிபி ஏறிவிட்டது", "சூடு பிடித்துவிட்டது". இவை நம் பாட்டிமார் காலத்திலிருந்து வருகிற விளக்கங்கள், பிபி மட்டும் நடுவில் வந்து சேர்ந்துகொண்டது. விளக்கம் சொல்லட்டும், எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் விளக்கம் வந்ததும் விவரம் நின்றுவிடுகிறது. "பிபி ஏறிவிட்டது" என்று வந்த ஒருவரிடம் விசாரித்தால் அவருக்கு நடந்தது என்னவென்றால், பேருந்து நிறுத்தத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தபோது நெஞ்சு சடாரென்று ஓட ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்து சடாரென்று நின்றது. ரத்த அழுத்தம் ஏறினால் அது யாருக்கும் பெரும்பாலும் தெரியாது. அவருக்கு நடந்தது இதயத்தின் மின்சுற்றில் ஒரு குறுக்குவழி.

அது படபடப்பு. அந்தச் சொல்லுக்கும் இரண்டு முகம். தேர்வு முடிவு வரும் நாளில் படபடப்பாக இருக்கிறது என்கிறோம், அது பதற்றம். இதயம் துடிப்பது தனக்கே தெரிகிறது என்பதற்கும் படபடப்பு என்றே சொல்கிறோம். ஆகவே இதயத் துடிப்பு தெரிந்தால், "நெஞ்சு துடிப்பது எனக்கே தெரிந்தது" என்று விரித்துச் சொல்வது நல்லது. "படபடப்பு" என்று மட்டும் சொன்ன இளம்பெண்களை, பயம்தான் காரணம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய கதைகள் எங்கள் தொழிலில் ஏராளம்.

படபடப்பை வார்த்தையால் சொல்வதைவிட விரலால் சொல்வது மேல். மேசையில் தட்டிக் காட்டுங்கள் என்பேன். சிலர் டக்டக்டக்டக் என்று சீராக, எண்ண முடியாத வேகத்தில் தட்டுவார்கள். சிலர் டக்… டக்… என்று தட்டிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நிறுத்தி, பிறகு பலமாக ஒன்று வைப்பார்கள்: "ஒன்று விட்டுப்போய் அடுத்தது திம்மென்று விழும்." இது முந்திக்கொண்டு வருகிற துடிப்பு. மற்றபடி ஆரோக்கியமான இதயத்தில் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இன்னும் சிலர், குறிப்பாக வயதானவர்கள், எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் தாறுமாறாகத் தட்டுவார்கள். அது இதய மேலறை நடுக்கமாக இருக்கலாம். மூளைக்கு ரத்தக்கட்டி போகும் ஆபத்து இருப்பதால் அதை விடக் கூடாது.

அடுத்தது, தொடங்கியதும் முடிந்ததும் எப்படி. பதற்றத்திலோ காய்ச்சலிலோ ரத்தசோகையிலோ வருகிற படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். மின்சுற்றுக் கோளாறில் சுவிட்சைத் தட்டியது போலத் தொடங்கும், சுவிட்சைத் தட்டியது போலவே நிற்கும். அந்தப் பேருந்து நிறுத்தத்துக்காரர் இதைத்தான் சொன்னார். அவர் சொன்னதில் இன்னொன்றும் இருந்தது: கழுத்துக்குழியில் தவளை துடிப்பது போல இருந்ததாம். புத்தகங்களிலும் ஏறக்குறைய அதே உவமைதான், அவர் படித்திருக்க வாய்ப்பில்லை. இத்தகைய கோளாறுகளில் எதிலும் படபடப்பு நின்ற பிறகு எடுக்கிற ஈ.சி.ஜி. சுத்தமாக இருக்கலாம். எனவே வருகிற நேரத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் இடம் இருந்தால் அப்போதே ஓடுங்கள். படபடப்போடு நினைவு தப்பினாலோ நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென்று இறந்திருந்தாலோ, குறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வேலையெல்லாம் கிடையாது, உடனே போக வேண்டும்.

குமட்டலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நம்மிடம் இதற்குச் சொற்கள் நன்றாகவே பிரிந்திருக்கின்றன. வாந்தி வரப்போவது போன்ற உணர்வு குமட்டல். வெளியே எதுவும் வராமல் வயிறு இழுத்துத் தள்ளுவது ஓக்காளம். உண்டது முயற்சியே இல்லாமல் தொண்டைக்கு ஏறி வருவது எதுக்களிப்பு. யாழ்ப்பாணத்து நோயாளி "சத்தி எடுத்தேன்" என்றால் அது வாந்தி, சென்னை மருத்துவருக்கு அது புரியாது. எதுக்களிப்பை வாந்தி என்று சொன்னால் சிகிச்சை தடம் மாறும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். சர்க்கரை நோயாளிக்கும் முதியவருக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல், குமட்டலும் குளிர்ந்த வியர்வையுமாக வரலாம். "பித்தம்" என்று எலுமிச்சைச் சாறு கொடுத்துப் படுக்கவைத்த வீடுகளை எனக்குத் தெரியும்.

அசதிக்கு நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ஆறு மாதத்துக்கு முன் செய்தது, இப்போது முடியாதது எது? மாடி ஏற முடியவில்லை என்பார்கள். எது தடுக்கிறது? மூச்சு வாங்குகிறது என்றால் இதயமும் ரத்தசோகையும் முன்னால் வரும். மூச்சு நன்றாக இருக்கிறது, தொடைதான் தூக்க மாட்டேன் என்கிறது, தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியவில்லை என்றால் தசையைப் பார்க்க வேண்டும். ஏற முடியும், ஆனால் ஏறுவானேன் என்று இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அவருடைய தூக்கத்தையும் மனத்தையும் பற்றிப் பேச வேண்டிய நேரம். மூவரும் "டயர்டாக இருக்கிறது" என்றுதான் உள்ளே வந்திருப்பார்கள்.

மயக்கம், படபடப்பு, அசதி, குமட்டல் நான்கும் ஒன்றாக, கை நடுக்கத்தோடும் வியர்வையோடும் வந்தால், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் அந்த நிமிடமே குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 70 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் அது தாழ்சர்க்கரை. அப்படி இருந்தாலும், கருவியே இல்லையென்றாலும், முதலில் சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். பிறகு மருத்துவரிடம் அந்த எண்ணோடு, மாத்திரை எத்தனை மணிக்கு, சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதையும் சொன்னால் போதும். வர்ணனை வேண்டியதில்லை.

அந்த அம்மாள் எட்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். சித்திரை வெயில். "மயக்கம்தான், டாக்டர், ஆனால் அது இல்லை" என்று ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதியதை நீட்டினார். "எழுந்து நின்று பத்து எண்ணுவதற்குள். உட்கார்ந்தால் போய்விடும். சுற்றவில்லை. கண் இருட்டுகிறது. காலை மாத்திரைக்குப் பிறகு அதிகம். படுக்கையில் புரண்டால் ஒன்றும் இல்லை."

கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். இல்லாததை எழுதிக்கொண்டு வருகிற நோயாளி அபூர்வம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ரத்த அழுத்தம் பார்த்தேன்: 148/84. நிற்கவைத்து ஒரு நிமிடத்தில் 122/76, மூன்றாவது நிமிடத்தில் 118/74. மேல் எண் 20 இறங்கினாலே கணக்கில் எடுக்க வேண்டும், இவருக்கு 30 இறங்கியிருந்தது. முதல் முறை போல உட்காரவைத்து மட்டும் பார்த்திருந்தால் இதுவும் தெரிந்திருக்காது. இரண்டு மாதத்துக்கு முன் வேறொரு இடத்தில் அவருக்குச் சிறுநீர் அதிகம் போகவைக்கும் மாத்திரை ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வெயிலில் வியர்வை வேறு. அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்துப் படுத்தும் நின்றும் பார்க்க வரச் சொன்னேன். தாளை அவர் திரும்பக் கேட்டார். முன்பக்கம் அமாவாசை தேதி இருக்கிறதாம்.